குழாய் சுவிட்ச்

ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே நாலு மைல் தள்ளி இருக்கும் அந்த ஊரில் மணிமுத்து வீடு எது என்று கேட்டால் எந்த மணிமுத்து என்பார்கள். ரேடியோ செட் மணிமுத்து என்றால் சின்னப் பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். இருபத்தாறு வருஷமாக அந்த வட்டாரத்துக் காதுகுத்து, கல்யாணம், பொங்கல் எல்லாவற்றுக்கும் அவன் செட்தான். குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்து உச்சியில் கட்டி அவன் ஒரு பாட்டைத் தட்டிவிட்டால்தான் விசேஷம் தொடங்கியதாக அர்த்தம். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. “சவுண்டுன்னா நம்மகிட்டதான் வரணும்” என்று டீக்கடையில் அவனே சொல்லிக்கொள்வான். மற்றபடி வாயில்லாப் பூச்சி. “ஹலோ, மைக் டெஸ்ட்” என்பதைத் தவிர தன் மைக்கில் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவனிடம்தான் அதே ஊர்ப் பொன்மணி வந்தாள். சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் படம் எடுக்கிற படிப்பு படிக்கிறாள். அம்மா பத்திரகாளி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். அம்மாவையும் அவளோடு ஆலை வேனில் போகிற பெண்களையும் வைத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்திருந்தாள். கல்லூரியில் போட்டுக் கைதட்டு வாங்கியாயிற்று. ஆனால் படத்தில் இருக்கிறவர்கள் ஒருவர்கூட இன்னும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம், ஊர்ச் சமுதாயக் கூடத்தில்.

“புரொஜெக்டர் இருக்குல்ல மாமா?”

“கல்யாண வீட்ல வாசல்ல இருக்கவுகளுக்கு மேடையக் காட்டுறதுக்கு வாங்குனது தாயி. நல்லா ஓடும். ஆனா வெளிச்சம் இருந்தா ஒண்ணும் தெரியாது.”

இரண்டு பேரும் கூடத்தைப் போய்ப் பார்த்தார்கள். மேற்கே நாலு பெரிய ஜன்னல், சாயங்கால வெயில் நேராகச் சுவரில் அடித்தது. ஏழு மணிக்கு முன்னால் படம் போட வழியில்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்ததால் வெள்ளைத் திரை கட்ட வேண்டும். கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி திரையின் அடிவிளிம்பு உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே நிற்க வேண்டும். மணிமுத்து காலடியால் அளந்து புரொஜெக்டர் மேசைக்குச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். ஊர்த்தலைவர் ஊர்க்காவலனும் சாவி தருவதாகச் சொல்லிவிட்டார்.

அழைப்புதான் இடித்தது. பொன்மணி சிவகாசியில் அழகாகக் கார்டு அடித்து வீடு வீடாகக் கொடுத்தாள். வாங்கியவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாருக்குத்தா காதுகுத்து?” என்றார்கள். படம் என்றதும், “பாப்பம், வேன் எப்ப வருதோ” என்று கார்டை டிவி மேலே வைத்துவிட்டார்கள்.

“கார்டெல்லாம் ஆகாது தாயி,” என்றான் மணிமுத்து. “குழாய் கட்டாத விசேஷத்துக்கு நம்மூர்ல எவன் வந்தான்? மத்தியானத்துல இருந்து நான் குழாயில போட்டுவிடுறேன் பாரு.”

அங்கேதான் வினை பிடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஏறின. பொன்மணி அழைப்பைத் தன் குரலில் பதிவு செய்து கொடுத்திருந்தாள். அது இரண்டு முறை ஊர் முழுக்கப் போயிற்று. குழாய்க்குத் தனி ஆம்ப்ளிஃபயர், கூடத்துக்குள்ளே இருக்கும் பெட்டி ஸ்பீக்கர்களுக்குத் தனி. இரண்டுக்கும் ஒரே மிக்ஸரிலிருந்துதான் ஒயர். அழைப்பு முடிந்ததும் குழாய் ஆம்ப்ளிஃபயரை அணைக்க வேண்டும். ஒரு சுவிட்ச். கட்டைவிரல் அளவு.

மணி மூன்று. சத்தம் வெளியே போகாமல் இருக்க ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மறைத்து உள்ளே சவுண்ட் செக் தொடங்கியது. லேப்டாப்பைப் புரொஜெக்டரில் செருகியதும் சத்தம் காணாமல் போயிற்று. அது புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போய் முனகிக்கொண்டிருந்தது. பொன்மணி லேப்டாப்பில் அதை மாற்றி மிக்ஸருக்குத் திருப்பினாள். உடனே ஒரு இரைச்சல். மணிமுத்து லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினான், இரைச்சல் நின்றது. அவள் கண் விரிந்ததைப் பார்த்து அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“படத்துலயே மெதுவான இடத்தப் போடு. அப்புறம் உரத்த இடத்தப் போடு. ரெண்டும் சரியா இருந்தா நடுவுல உள்ளது தானா சரியா இருக்கும்.”

மெதுவான இடம் படத்தின் தொடக்கம். ஆலைக் கொட்டகை வாசலில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகள். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதைப் பத்திரகாளியின் குரல் தணிவாகச் சொல்கிறது.

“காலிக் கூடத்துல இது போதும்னு தோணும். ஆளு நிறைஞ்சா சத்தத்தக் குடிச்சிரும். கொஞ்சம் தூக்கியே வைப்போம்” என்று மணிமுத்து தூக்கினான்.

உரத்த இடம் ஏழாவது நிமிஷம். திரை முழுக்க இருட்டாகும், சத்தம் மட்டும் வரும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து ஆலையொன்று வெடித்தபோது யாரோ ஃபோனில் எடுத்ததிலிருந்து பொன்மணி பிரித்தெடுத்த சத்தம். முதலில் வெடி, பிறகு பெண்களின் கூக்குரல்.

“நெஞ்சு அதிரணும் மாமா.”

“அதிர வச்சிருவோம்” என்று மணிமுத்து அடிச்சத்தத்தைக் கூட்டிவிட்டான். உள்ளே பெட்டிகள் போட்ட போட்டில் ஜன்னல் கம்பி நடுங்கியது. அந்தச் சத்தத்துக்குள் வெளியே குழாய் கத்தியது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

திருப்தி இல்லாமல் இன்னொரு முறையும் போட்டார்கள்.

ஆலையில் சோதனைக்கு வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் அந்த ஊருக்குப் பழகிப்போன ஒன்று, அதற்குத் தூங்குகிற பிள்ளைகூட விழிக்காது. கூக்குரலோடு வருகிற சத்தம் வேறு. ஜமுக்காளத்தை விலக்கி மணிமுத்து எட்டிப் பார்த்தபோது தெரு ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டாமலே ஓடினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி, மாவுக் கையோடு ஒருத்தி, எல்லோரும் ஆலைப் பக்கம். ஆலைகளில் இருந்தவர்கள் பக்கத்து ஆலைதான் போய்விட்டது என்று கொட்டகைகளை விட்டுக் காட்டுக்குள் ஓடியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து எங்கே என்று கேட்டது. யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

தெரு ஓடுவதைப் பார்த்த கையோடு மணிமுத்து உள்ளே திரும்பியிருந்தான். குழாய் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தான்.

எந்த ஆலையிலும் புகை இல்லை, சத்தம் குழாயில் வந்ததுதான் என்று தெரிந்து அரைமணி நேரத்தில் ஊரே கூடத்து வாசலில் நின்றது. ஊர்க்காவலன் உள்ளே வந்தார். “யார்றா பாத்த வேல இது?”

பொன்மணி முகம் வெளிறி நின்றாள். “நான்தான் தாத்தா. என் படத்துல வர்ற சத்தம். நான்தான் கூட்டி வைக்கச் சொன்னேன்.”

அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மிச்சத்தைச் சொல்ல வேண்டியவன் இரண்டடி தள்ளி நின்றான். அவன் குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். சுருட்ட வேண்டிய ஒயரே இல்லை அது, இன்னும் மூன்று மணி நேரத்தில் திரும்ப விரிக்க வேண்டிய ஒயர்.

அழுதுகொண்டே வந்த பத்திரகாளி எல்லார் முன்னாலும் மகளை ஒரு அறை வைத்தாள். “எங்க உசுரு உனக்கு விளையாட்டாப் போச்சா?” மணிமுத்து இன்னும் ஒரு சுற்று சுருட்டினான்.

வீட்டுக்குப் போனால் மனைவி வேலுத்தாய் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளும் ஆலைக்காரிதான். கொட்டகையிலிருந்து வெறுங்காலோடு ஓடியதில் இரண்டு உள்ளங்காலிலும் கருவேல முள். மணிமுத்து ஊக்கை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். மூன்றாவது முள் வெளியே வந்ததும் அவள் சொன்னாள்.

“அந்தப் புள்ள தானே செஞ்சதாச் சொல்லிருச்சாமே.”

“ம்.”

“குழாய் சுவிட்சு எங்கன இருக்குன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமாக்கும்?”

அவன் ஊக்கால் அடுத்த முள்ளைத் தேடினான்.

“ரேடியோ செட்டுக்காரன் பொண்டாட்டியா இருபது வருசமா இருக்கேன். எனக்குத் தெரியாதா? காலை விடுங்க, நானே எடுத்துக்கிறேன்.”

முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

ஆறரைக்குக் கூடத்தில் நூறு நாற்காலியும் காலி. பொன்மணி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தாள். கன்னத்தில் விரல் தடம் இன்னும் மாறவில்லை. அவனைப் பார்த்ததும் அவள் கோபப்படவில்லை. “திரையக் கழட்டிரலாமா மாமா?” என்றாள். அதுதான் அவனைச் சாகடித்தது.

அவன் குழாய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டான், மைக்கை எடுத்தான்.

“ஹலோ. மைக்…” என்று பழக்கத்தில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டான். “இன்னைக்கு மத்தியானம் ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுக்கு எல்லாரும் மன்னிக்கணும்.”

தன் குரல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டான். தப்பு என்னவோ தானே நடந்து வந்த மாதிரி இருந்தது. அவனுக்கே அருவருத்தது.

“நான் மணிமுத்து பேசுறேன். குழாய அணைக்காம விட்டது நான். அந்தப் புள்ளைக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்க கேட்டப்ப பக்கத்துல நின்னுக்கிட்டு வாயத் தொறக்கல. அடி அது வாங்குச்சு. எனக்கு விழ வேண்டிய அடி.” மைக்கை மறு கைக்கு மாற்றினான். “படம் உங்களப் பத்தினது. என் மேல உள்ள கோவத்துல அதப் பாக்காம இருந்துராதீக. வாங்க.”

உடனே யாரும் ஓடி வந்துவிடவில்லை. ஏழேகாலுக்குப் பத்திரகாளி வந்தாள். மகளைப் பார்க்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவளோடு வேனில் போகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஊர்க்காவலன் வந்து மணிமுத்துவைக் கடந்துபோய் உட்கார்ந்தார். வேலுத்தாய் காலில் துணி சுற்றி நொண்டிக்கொண்டு வந்தாள். எண்ணினால் முப்பது பேர் தேறும்.

“ஏழாவது நிமிசத்துல சத்தம் வேண்டாம் மாமா,” என்றாள் பொன்மணி. “சுத்தமா எறக்கிருங்க.”

மணிமுத்து குழாய் சுவிட்சை இரண்டு முறை தொட்டுப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. படம் தொடங்கியது. செருப்பு வரிசையைப் பார்த்ததும், “ஏ, அது என்னுது!” என்று ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். தங்கள் முகம் வரும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள், பக்கத்தில் இருப்பவள் முகம் வரும்போது இடித்துக் காட்டினார்கள்.

ஏழாவது நிமிஷம். திரை இருண்டது. மணிமுத்து சொன்னபடி சத்தத்தைச் சுத்தமாக இறக்கினான். வெடி இல்லை, கூக்குரல் இல்லை. ஆனால் அங்கே என்ன வரும் என்று மத்தியானமே ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது.

முதலில் எலி ஓடுகிறதோ என்று நினைத்தான். சரக், சரக் என்று தரையில் ஒரு சத்தம், ஒவ்வொரு வரிசையிலிருந்தும். பிறகுதான் விளங்கியது. இருட்டில் முப்பது பேரும் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.