கயிற்றை மோந்த பசு

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கும் மில் ஆட்களுக்கு அந்தி வகுப்பு நடந்தது. நானும் அங்கேதான் எழுத்துக் கூட்டிப் பழகினேன். எங்களோடு படித்த ஒரு அக்கா, பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து வாயே திறப்பதில்லை.

ஒருநாள் வாத்தியார் பாடத்திலிருந்த ஒரு பசுக் கதையை வாசித்துவிட்டு, "பசு ஏன் கத்துச்சி?" என்றார்.

"பசிங்க," என்றேன் ஜல்தியாக.

"பாடத்துல எங்க இருக்குது?"

தேடினேன். புல் போட்டாயிற்று என்றல்லவா இருந்தது.

"பசி உனக்குத்தான்," என்று பக்கத்து ஆள் சிரித்தார்.

வாத்தியார் விடையைச் சொல்லவில்லை, வேறு ஆளையும் கூப்பிடவில்லை. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும் என்பார்களே, அப்படிப் பொறுத்தார்.

அக்கா மெல்லச் சொன்னாள்: "கயித்த மோந்து பாத்துதுன்னு போட்டிருக்குதே. அது கன்னுக்குட்டி கயிறுங்க."

"மோந்தா என்னம்மா தெரியும்?"

மறுபடியும் காத்திருந்தார்.

"வாசனை இருக்கும். கன்னு இருக்காது."

அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அக்கா ஒரு வார்த்தையாவது பேசினாள்.

தை மாதம் அந்த வாத்தியார் மாற்றலாகிப் போனார். புதியவர் கேள்வியைக் கேட்டு, மூச்சு விடுவதற்குள் விடையையும் அவரே சொல்லிவிடுவார். அக்காவின் உதடு பிரியும். அதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். கொஞ்ச நாளில் உதடு பிரிவதும் நின்றது. பிறகு அவள் உட்காரும் கோணி மட்டும் சுவரோரம் சுருட்டினபடி கிடந்தது.