ஐந்தாம் இடத்துக்குப் பயந்தவர்கள்

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு எங்கள் மஹய்யாவ அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், எதிரிகள் எவரும் பக்கத்தில் இல்லாதபோது, நிதானமாகத் திரும்பி நின்று எங்கள் கோலை நோக்கியே பந்தை உதைத்தார். அந்தக் கோலில் நின்றவன் என் மகன். பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்ததற்காக எங்கள் அணித்தலைவர் அவனைத் திட்டினார். லீக்கின் செயலாளராகிய நான் கோட்டுக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் விதிகள் எழுதிய கொப்பி இருந்தது. அந்த விதிகளை எழுதியவன் நான்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் கண்டி உதைபந்தாட்ட லீக்கில் முதலாம் பிரிவில் ஆறு அணிகள், இரண்டாம் பிரிவில் ஆறு அணிகள். வருட முடிவில் எத்தனை அணி கீழே இறங்குவது, எத்தனை மேலே ஏறுவது என்ற கேள்விக்காக, சீசன் தொடங்குமுன் கட்டுகஸ்தோட்டையில் லீக் தலைவருடைய இரும்புக்கடை மாடியில் நாலு தடவை கூடினோம். தலைவர் முஸ்லிம் பெரியவர், பாலத்தடியில் கடை. பொருளாளர் யாழ்ப்பாணத்தார், என்னைப்போல வாத்தியார், கணக்குப் பாடம்.

முந்திய வருடம் ஒரே ஒரு அணிதான் இறங்கியது. பாதி சீசனிலேயே அது எந்த அணி என்று தெரிந்துபோனது. மற்றவர்களுக்கு விளையாட ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு அணி எட்டுப் பேரோடு வந்தது. இன்னொன்று கோல் கீப்பரை ஒரு கல்யாண வீட்டில் விட்டுவிட்டு வந்தது.

"அப்ப ரெண்டா வைப்பம்," என்றார் தலைவர்.

"ஆறிலை ரெண்டு எண்டால் மூண்டிலை ஒரு பங்கு," என்றார் பொருளாளர். "நடுவிலை நிக்கிறவனும் பயந்து சாவான். பதினொரு பேரும் கோலடியிலை நிண்டு சுவர் கட்டுவினம். உது விளையாட்டே?"

ஒன்று போதாது, இரண்டு கூடுதல். ஒன்றரை அணியை இறக்க வழியுண்டா என்று தலைவர் மெய்யாகவே கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு யோசனை தந்தது. இரண்டு அணிகளைச் சோதனைக்கு விடுவோம், ஆனால் தானாக இறக்க வேண்டாம். மேலே ஐந்தாவதும் ஆறாவதுமாக வருகிறவர்கள், கீழே முதலாவதும் இரண்டாவதுமாக வருகிறவர்களோடு ஆளுக்கொரு ஆட்டம் ஆடட்டும். வென்றவர் மேல் பிரிவில், தோற்றவர் கீழ்ப் பிரிவில். ஒருவரும் மாறாமல் போகலாம், இருவரும் மாறலாம். சராசரியில் தலைவருடைய ஒன்றரையும் கிடைக்கலாம்.

யார் யாரோடு ஆடுவது? பலசாலியோடு பலசாலி மோதுவதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. ஐந்தாவது அணி கீழ்ப்பிரிவின் முதலாவதோடு, ஆறாவது அணி இரண்டாவதோடு. மூவரும் தலையாட்டினோம். தலைவர் பால் விடாத பிளேன்ரீ வரவழைத்தார். மேலே முடிக்கிறவனுக்கு எப்போதும் லேசான வழி கிடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மேலே முடிக்க ஒருவனும் விரும்பமாட்டான் என்பது கணக்கு வாத்தியார் உட்பட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் கீழ்ப்பிரிவில் முதலாவதாக வந்தது ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து அணி. வெறுங்காலோடு ஆடி எல்லா ஆட்டத்தையும் வென்றார்கள். அவர்களுடைய நடு முன்வரிசைக்காரன் அடித்த பந்தைத் தடுக்கப் போய் இரண்டு கோல் கீப்பர்களின் கை முறிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டாவதாக வந்தது கட்டுகஸ்தோட்டை அணி. நல்ல பிள்ளைகள். ஓடினால் களைத்துவிடுவார்கள்.

மேல்பிரிவில் கடைசி இரண்டு இடங்களில் எங்கள் மஹய்யாவ அணியும், கந்தோர் மேசைகளில் கோப்புப் பார்க்கும் உத்தியோகத்தர்களின் அணியும். இருவருக்கும் சமமான புள்ளிகள். நான்காம் இடம் எட்டாது. மிஞ்சியிருந்தது இவர்கள் இருவருக்கும் இடையிலான கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தால், கோல் கணக்கில் எங்கள் அணி ஐந்தாவது, கந்தோர் அணி ஆறாவது.

வியாழக்கிழமை எங்கள் அணித்தலைவர் கொப்பியை வாங்கி வாசித்தார். சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். இரண்டு தரம் வாசித்தார்.

"மாஸ்டர், ஜெயிச்சா ஹேவாஹெட்டக்காரனோட ஆடணுமா?"

"ஆமா."

"தோத்தா கட்டுகஸ்தோட்டையோட?"

"ஆமா."

"அப்ப எவன் மாஸ்டர் ஜெயிப்பான்?"

கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததுதான் உண்மை. மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், என் மகனுக்கு அரசாங்கக் கிளாக்கர் உத்தியோகப் பரீட்சை இருந்தது. வயதெல்லை அந்த வருடத்தோடு முடிகிறது, இனி ஒரு தடவை கிடையாது. அணியின் வழக்கமான கோல் கீப்பர் காய்ச்சலில் படுத்ததால் இவனைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னது செல்லவில்லை. இரவெல்லாம் எனக்கு ஹேவாஹெட்டக்காரனின் காலும் என் மகனின் வலது கையும்தான் நினைவு. தோற்றுவிட்டால் அந்தக் கால் வராது. நான் அறியாமல் எழுதிய விதி என் பிள்ளையின் கையைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்தேன்.

கந்தோர் அணியிலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

அதனால் போகம்பரை மைதானத்தில் நடந்தது இதுதான். எங்கள் ஆட்கள் எங்கள் கோலுக்குள் பந்தைப் போடப் பார்த்தார்கள். கந்தோர்க்காரர்கள் ஓடிவந்து எங்கள் கோலைக் காத்தார்கள். அவர்களுக்கு ஆட்டம் சமநிலையில் முடிந்தால் போதும், நாங்கள் தோற்கக் கூடாது. மற்ற இருபத்தொரு பேரும் என் மகனைச் சுற்றி நின்றார்கள். மறுபக்கக் கோலில் ஒரு மாடு வந்து நின்று கம்பத்தில் கழுத்தை உரசிக்கொண்டிருந்தது. அதை விரட்ட ஆள் இல்லை.

நடுவர் பறங்கி துரை ஒருவர், மிகவும் ஒழுங்கானவர். தன் கோலுக்குத் தானே அடிப்பது குற்றமென்று விதிப்புத்தகத்தில் இல்லை என்று முறையிட்ட கந்தோர் அணித்தலைவருக்குப் பொறுமையாக விளக்கி, ஊதலை ஊதி, "விளையாடுங்கள்" என்றார். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கந்தோர் அணிக்குக் கைதட்டினார்கள், எங்கள் கோலைக் காப்பாற்றியதற்காக. மறுபாதி, யாருக்குக் கைதட்டுவதென்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.

என் பக்கத்துக் கதிரையில் தலைவர் வியர்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாஸ்டர் செய்றாங்க இவங்க?"

சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"எங்கட கட்டுகஸ்தோட்டைப் பொடியன்மாரை அவ்வளவு லேசாவா நெனச்சீங்க? எங்கட ஆக்களோட ஆடுறதுக்கு ரெண்டு டீமும் அடிபட்டுக்கொண்டு தோக்குதா?"

"அவையள் உங்கடை ஆக்களை மதிக்காமலில்லை," என்றார் பொருளாளர். "கொஞ்சம் விருப்பம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"நீங்க பேசாம இரிங்க! கணக்கு வாத்தியாராம், கணக்கு!"

இதற்கெல்லாம் நடுவில், தோற்றுக் கொடுக்க வேண்டிய ஒரே மனிதன் மட்டும் தோற்க மறுத்தான். என் மகன் ஒவ்வொரு பந்தையும் பிடித்தான். அவனுக்கு விஷயம் தெரியும். வியாழக்கிழமையே சொல்லித் தலையாட்ட வைத்திருந்தார்கள். இடைவேளையில் நான் ஓடிப்போய்க் காதோடு சொன்னேன்.

"மகன், விட்டுடு. ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம்."

"விடத்தாம்ப்பா பாக்குறேன். பந்து வந்தா கை தானா போகுது."

"கையைப் பின்னால கட்டிக்கோ."

"கட்டுனேன்பா. கால் போச்சு."

அணித்தலைவர் அவனை மாற்றலாமென்று பார்த்தார். அந்தக் காலத்தில் இடையில் ஆளை மாற்றும் வழக்கம் கிடையாது. அவனை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரைக் கோலில் நிறுத்தலாமா என்று கேட்டபோது, என் மகன் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நான் போகமாட்டேன்" என்றான். சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றதும் இதே முகம்தான்.

இரண்டாம் பாதியில் கந்தோர்க்காரர்கள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "சபாஷ் தம்பி, இன்னும் பத்து நிமிஷம்தான்," என்று முதுகில் தட்டினார்கள். சொந்த அணிக்காரர்கள் அவனை எட்டப்பன் என்றார்கள்.

கடைசி நிமிடத்தில் எங்கள் அணித்தலைவரே பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். மரக்கறி மூட்டை சுமந்த தோள். மூன்று கந்தோர்க்காரர்களைத் தள்ளிக்கொண்டு எங்கள் கோலுக்கு நேரே நின்று, கட்டையை வெட்டுவதுபோல ஓங்கி உதைத்தார். நான் எழுந்து நின்று கத்தினேன். லீக்கின் செயலாளர், நூற்றுக்கணக்கானோர் முன்னால், "விடுடா! விடு!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். கண் என்னிடம் இருந்தது, கை பந்துக்குப் போய்விட்டது. பந்து வெளியே போனது. வலது மணிக்கட்டு கம்பத்தில் மோதிய சத்தம் கதிரைவரை கேட்டது.

ஊதல் ஊதியது. கோல் எதுவும் இல்லை. நாங்கள் ஐந்தாவது.

கந்தோர் அணி என் மகனைத் தோளில் தூக்கியது. அவன் வலியில் அலறியதை மகிழ்ச்சி என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள். நான் போய்க் காலைப் பிடித்து இழுத்து இறக்கினேன். பக்கத்து மருந்துச்சாலையிலிருந்து வந்த அப்போதிக்கரி, மரச் சிலாம்பு வைத்துக் கட்டியபடி, "எலும்பு விரிசல் விட்டிருக்கு. ஆறு கிழமைக்கு அசைக்கப்படாது," என்றார்.

"மூணு கிழமையில பரீட்சைங்க ஐயா."

"இடது கையால எழுதுவாரோ?"

மகன் என்னைப் பார்த்தான். நான் கொப்பியைப் பார்த்தேன். இனி இந்தக் கையோடு பரீட்சை, அடுத்த கிழமை ஹேவாஹெட்டக்காரனோடு ஆட்டம். கோலில் என் மகன் நிற்காவிட்டால் வேறொருவன் நிற்பான், அவனுக்கும் ஒரு கை இருக்கும், ஒரு தகப்பன் இருப்பான். அப்படியே புல்லில் உட்கார்ந்தேன். இன்றும் ஊதல் சத்தம் கேட்டால் உட்கார இடம் தேடுகிறேன்.

வெளிச்சம் மங்கி, ஆட்கள் கலைந்து, மாடும் போனபின் ஆறரை மணிவாக்கில் இரண்டு பேர் மைதானத்துக்குள் வந்தார்கள். வெறுங்கால், தோளில் துண்டு. முன்னால் வந்தவர் ஹேவாஹெட்ட அணியின் தலைவர். பின்னால் மெலிந்த, கூச்சமான ஒருவன்.

"மன்னிக்கணுங்க. வேலை முடிஞ்சு பஸ்ஸைப் புடிச்சு வர இந்நேரம் ஆயிருச்சுங்க," என்றார் அவர். "சனிக்கிழமை எங்களுக்கு முழுநாள் வேலைங்க. மேல் பிரிவு ஆட்டமெல்லாம் சனிக்கிழமைன்னாங்க. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம். நாங்க மேல வரலீங்க. கீழேயே ஞாயித்துக்கிழமை ஆடிக்கிறோம். அடுத்த கிழமை ஆட்டத்துக்கும் வரலீங்க. எங்களை யாரும் கேக்கலீங்க, இல்லேன்னா முன்னமே சொல்லியிருப்போம்."

மேல்பிரிவு ஆட்டங்களைச் சனிக்கிழமைக்கு வைத்தவனும் நான்தான். கண்டியில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் வசதி. பொருளாளர் கொப்பியை என் மடியிலிருந்து எடுத்து மெல்ல மூடினார்.

பின்னால் நின்ற மெலிந்தவன்தான் கை முறிக்கிறவன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் என் மகனுக்கு முன்னால் குந்தி, கட்டுப்போட்ட கையைத் தொடாமல் கொஞ்சநேரம் பார்த்தான்.

"எந்த டீமுங்க இப்படி அடிச்சது?" என்று கேட்டான். "நல்லவேளை, அவங்களோட நாங்க ஆடவேண்டியதில்லை."