ஆறாம் நம்பர் காற்று

வீரபாண்டி பனியன் கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிறு ஃபைபர் படகு வாங்கி, தூண்டில் போட வருகிறவர்களைக் கூட்டிப்போகத் தொடங்கினேன். சொந்தபந்தம் மொத்தமும் எனக்குக் கழன்றுவிட்டது என்று ஏகமனதாக முடிவு செய்தது. வேறெதிலும் அவர்கள் அப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

மாமனார் இறந்தபோது மட்டும் அவர்களுக்கு என் படகு ஞாபகம் வந்தது. தன் அஸ்தியை நடுக்கடலில்தான் கரைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாராம். அஸ்திக் கலயத்தோடு வந்தார் மச்சான், என் மனைவியின் அண்ணன். நூல் வியாபாரி.

நான் கடலைப் பார்த்துக் காற்றுக்கு எண் சொல்வேன். பியூஃபோர்ட் அளவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் மூன்று, போகலாம். அடிக்கடி தெரிந்தால் நான்கு. நான்கு வந்தாலே என் படகில் ஆள் ஏற்ற மாட்டேன்.

வந்த அன்று கேட்டார்.

"எத்தனைங்க மாப்ளே?"

"நாலுங்க. வேண்டாம்."

"ரொம்ப கோர்ஸுங்களா?"

கடல் முரடாக இருப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஆமாம் என்றேன்.

மறுநாள் மேற்கே நிலத்திலிருந்து காற்று வீசியது. கரையோரம் தண்ணீர் தேய்த்த துணி மாதிரி கிடந்தது. தூரத்தில் பெரிய அலைகள் எழும்பி, பார்த்த இடமெல்லாம் வெள்ளை, மேலே சாரல். ஆறு என்றேன். மச்சானின் முகம் மலர்ந்தது. கலயத்தோடு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எறங்குங்க மச்சான்."

"ஏனுங்க? நாலு கோர்ஸ், ஆறு ஃபைன்தானுங்களே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூலின் கவுண்ட் நம்பர் ஏற ஏற இழை மெலியும்; தடித்தது கோர்ஸ், மெலிந்தது ஃபைன். நாற்பது பட்டு மாதிரி, இருபது கயிறு மாதிரி. மனுஷன் காற்றுக்கும் கவுண்ட் போட்டுவிட்டார்! பத்து வந்திருந்தால் கடலிலேயே பந்தி போடச் சொல்லியிருப்பார்.

"இங்க நம்பர் ஏறுனா காத்து தடிக்குமுங்க."

"தண்ணி தட்டாட்ட கெடக்குது, பயந்தாங்கொள்ளீங்க நீங்க."

"கரை காத்த மறைக்குதுங்க, அதான். காத்து வெளிய தள்ளீட்டுப் போயிரும், திரும்பறப்ப மொத அலையும் மூஞ்சிலதான். வாங்க, போலாம். ஆனா நம்ம ரெண்டு பேருக்கும், எஞ்சின் ஓட்டற பையனுக்கும் இன்னும் மூணு கலயம் வாங்கோணுமுங்க."

இறங்கினார். இறங்கியதும் அழுதார். "எங்கப்பன் ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டாரு." நாளை பார்க்கலாம் என்றேன். ஊருக்குத் திரும்பி வீட்டில் அன்று ராத்திரிக்குள் காரியம் முடிய வேண்டும் என்றார்.

முழங்கால் தண்ணீரில் நின்று கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பல் எங்கள் காலடியில் விழவே இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த காற்று அப்படியே அள்ளிக்கொண்டு வெள்ளை நுரைகளை நோக்கிப் போனது.

மாமனார் மட்டும் நடுக்கடலுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு எந்த நம்பரும் தடையில்லை.