‘காரணம்’ என்ற சொல்லோடு நின்ற கடிதம்

1981 ஒக்டோபர் 5, திங்கட்கிழமை. எட்டு மணிக்குக் கிளிநொச்சியில் எங்கள் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தைத் திறந்தேன். தபால் வந்தது. கடிதங்களுக்குத் திகதி முத்திரை குத்தினேன். கடுதாசித் தட்டுப்பாட்டில் பழைய உறைகளைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டுவது எங்கள் வழக்கம். வந்த உறைகளை அதற்காகக் கட்டி வைத்தேன்.

எழுதுவினைஞர் பதவிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சான்றிதழ்ப் பிரதிகள் சரியாக இருந்தன. கடிதம் மட்டும் ஒரு தாளோடு முடிந்தது. கடைசி வரி: “இரண்டு வருடங்களாக நான் வேலைக்குச் செல்லாமைக்குக் காரணம்”.

அதை உரத்து வாசித்துக் காட்டினேன்.

“காரணம் நித்திரையாக்கும். எழுதேக்கையே கண் மூடிப்போச்சு!” என்றார் களஞ்சியப் பொறுப்பாளர்.

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன்னே தட்டெழுத்தாளரிடம், “முழுமையில்லாத விண்ணப்பம் ஏற்கேலாது எண்டு அடியுங்கோ பிள்ளை,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“அது வந்த கவரைப் பாத்தனீங்களோ ஐயா?”

“நான்தானே வெட்டினனான்.”

“வெட்டினது மேல்பக்கம். கீழ்ப்பக்கம்?”

உறைக் கட்டை அவிழ்த்தேன். கொப்பித் தாளில் வீட்டில் செய்த உறை. சோற்றுப் பசை காய்ந்து அடிப்பக்கம் முழுவதும் விட்டிருந்தது. இரண்டாம் தாள் வழியில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். காலையில் அந்த உறையை நான் கையில் எடுத்து, மடித்து, கட்டுக்குள் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சரிபார்ப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான்.

“மற்றத் தாளிலை அந்தப் பிள்ளை என்னத்தைச் சொன்னாளோ,” என்றாள் அவள். களஞ்சியப் பொறுப்பாளர் சத்தமில்லாமல் வெளியே போனார். எனக்குத்தான் போக இடமிருக்கவில்லை.

பதிலை நானே எழுதினேன். முதலில், ‘வேலைக்குச் செல்லாத காரணத்தைத் தெரிவிக்கவும்’ என்று எழுதி, பிறகு வெட்டினேன். அது விசாரணை போல இருந்தது. தொலைந்த தாளில் அந்தப் பெண் வேறு விஷயங்களும் எழுதியிருக்கக் கூடும். இறுதியாக அனுப்பியது இது:

“உங்கள் விண்ணப்பம் முடிவுத் திகதிக்குள் கிடைத்து, ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. சான்றிதழ்ப் பிரதிகள் கிடைத்தன. உறையின் ஓரம் திறந்திருந்தது. கடிதத்தின் முதல் தாள் மட்டுமே எங்களிடம் உண்டு. அது ‘காரணம்’ என்ற சொல்லுடன் நிற்கிறது. மிகுதியை 23ஆம் திகதிக்கு முன் தபாலிலோ நேரிலோ தாருங்கள். நேர்முகத்துக்குரியவர்களைத் தெரிவுக்குழு அன்றுதான் தீர்மானிக்கும். அதுவரை இதனால் உங்கள் விண்ணப்பம் ஒதுக்கப்படமாட்டாது.”

சங்கத் தலைவர் வாசித்துவிட்டு, “ஏன் இவ்வளவு நீட்டு?” என்றார்.

“தேவைப்படுது ஐயா,” என்றேன். நாங்கள் சிரித்ததை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் கையொப்பமிட்டார்.

மறுநாள் அலுவலகத்தைத் திறக்குமுன் தபாற்கந்தோர் வாசலில் நின்றேன். கதவு திறந்ததும், நான்கு ஓரமும் மறுபடி பசை பூசிய அந்தப் பதில் உறையைப் பதிவுத் தபாலில் கொடுத்தேன்.