மூன்று புள்ளி ஆறு வாட்

தொம்மலூரில் உள்ள நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் இயற்பியல் வினாத்தாளை அமைப்பவர் வைத்தீஸ்வரன். அச்சுக்குப் போகுமுன் அதைக் கடைசியாகப் பார்ப்பவள் அவர் மகள் சஹானா. இஞ்சினியரிங் படித்த அவளும் அங்கேயே பாடம் எடுத்தாள்.

வைத்தீஸ்வரன் அரசுக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒன்றைத்தான் ஓயாமல் சொல்வார்: கணக்கில் கை வைக்குமுன் நான்கு விடைகளின் அலகையும் பார், கேட்டதற்குப் பொருந்தாததை அடி. வீட்டிலும் அப்படித்தான். "அஞ்சு நிமிஷ தூரம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "நிமிஷத்துல தூரமா?" என்று பிடித்துக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை மாலை, தட்டச்சு செய்யும் மஞ்சுநாத் தாளைக் கொண்டுவந்தான். மறுநாள் காலை மாதிரித் தேர்வு.

பதினேழாவது கேள்வி. 3 கிலோஓம் மின்தடையில் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் 5 நிமிடம் பாய்கிறது. உண்டாகும் வெப்பம் எவ்வளவு? 60 ஜூல், 3.6 ஜூல், 3.6 வாட், 6 வோல்ட்.

சஹானாவுக்குச் சிரிப்பு வந்தது. வெப்பம் என்றால் ஜூல்; வாட்டும் வோல்ட்டும் பார்த்த மாத்திரத்தில் போய்விடும். மில்லி, கிலோ, நிமிடம் எதையும் பாராமல் 2×2×3×5 என்று பெருக்குகிறவன் 60 ஜூலில் விழுவான். அலகையும் சேர்த்துப் பெருக்கினால் அது 60 மில்லிவாட்-நிமிடம். நிமிடத்தை வினாடியாக்கினால் 3.6 ஜூல். அப்பா வைக்கும் கண்ணிதான்.

விடைக்குறிப்பைப் பார்த்தாள். 3.6 வாட்.

"மஞ்சு, இது உன் டைப்பிங்கா?"

"இல்ல மேடம். ஸார் கைலயே எழுதினது. நானும் ரெண்டு வாட்டி கேட்டேன், சரியா இருக்கு, போடுன்னாரு."

பக்கத்து அறையில் வைத்தீஸ்வரன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பதினேழுக்கு வாட்னு போட்டிருக்கேளே?"

"ஆமா."

"ஹீட்டுக்கு யூனிட் என்னப்பா?"

"வாட்."

"அப்போ பவருக்கு?"

யோசித்தார். "மீட்டர்," என்றார், வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக. "ஏன்டி இப்படிப் பாக்கறே, இஞ்சினியரம்மா? கணக்கு சரியாத்தானே இருக்கு."

கணக்கு சரிதான். ஒரு தாளை நகர்த்தி, "போட்டுக் காட்டுங்கோ," என்றாள். சூத்திரத்தை எழுதினார். மில்லியையும் கிலோவையும் பத்தின் அடுக்குகளாக்கினார். நிமிடங்களை முந்நூறு வினாடியாக்கினார். 3.6 வந்தது. அதற்குப் பின்னால் பேனா நின்றது. நகரவே இல்லை. அவர் வாயின் வலது ஓரம் தொங்கியிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

மஞ்சுநாத் ஓடிப்போய் வண்டி கொண்டுவந்தான்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கசிவு என்றார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. திங்களன்று போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை இரவே, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி சஹானா மஞ்சுநாத்தைப் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"பதினேழுக்கு 3.6 ஜூல்னு மாத்திடு."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஸாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாமா மேடம்?"

"மாத்து," என்றாள்.