பேருக்கு முன்னால் ஒரு சொல்

அந்தப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவளுக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சான்றிதழ், கோப்பை, பேனர் எதுவானாலும் அவள் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். இரண்டு சுழியா மூன்று சுழியா, முன்னெழுத்து சரியா, எதுவும் தப்பாது.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் மதியம் தொலைபேசி அடித்தது. இறந்துபோன மனைவியின் நினைவாகக் கோப்பை கொடுக்கும் பெரியவர்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? மேடையப் பாக்க இப்பவே வர்றேன்."

"வாங்கய்யா" என்று சொல்லி வைத்தவளுக்கு ஏதோ உறுத்தியது. அந்தப் பெரியவரின் பெயருக்கு முன்னால் ஏதோ ஒரு சொல்லைக் காலையில் பார்த்தோமே?

பேனரின் மாதிரித்தாளை எடுத்தாள். மனைவியின் பெயரோடு இருக்க வேண்டிய 'மறைந்த' என்ற சொல், வரியை உடைத்து அடுக்கும்போது கீழே இறங்கிக் கணவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஓரத்தில் 'சரி' என்று அவளுடைய கையெழுத்து.

அச்சகத்துக்குப் போன் அடித்தாள். எடுக்க ஆளில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். காவலாளி ஏணியில் நின்று பேனரின் இரண்டாவது முனையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இறக்குங்க! சீக்கிரம்!"

"இப்பத்தானேம்மா கட்டினேன்?"

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இறக்குங்கண்ணே!"

கீழே விழுந்ததை அள்ளிச் சுருட்டுவதற்குள் கார் வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். அவள் பாதி சுருட்டிய பேனரை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அது என்னம்மா?"

மை கலைந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். வாய் வரவில்லை.

"தப்பா அச்சடிச்சிட்டாங்கய்யா. இல்ல... நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"விரி, பாப்போம்."

விரித்தாள். அவர் மெதுவாகப் படித்தார். தன் பெயரில் கண் நின்றது. காவலாளி ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். அதைவிட, இந்த மனிதர் இங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால்?

"அவ போனதுலேருந்து எனக்கும் இப்படித்தான் தோணுது" என்றார் அவர். "ஆனா அத ஊருக்குச் சொல்ல வேண்டாம்மா. மாத்திடு."

"மாத்திடறேங்கய்யா."

அவர் மேடையைப் பார்க்க நடந்தார். அவளோ சுருட்டிய பேனரோடு அச்சகத்துக்கு ஓடினாள். அந்த வரியை அப்படியே எடுத்துச் சான்றிதழிலும் போட்டிருப்பார்களே! போட்டிருந்தார்கள், எட்டுச் சான்றிதழ். நல்லவேளை, இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. எட்டையும் குறுக்கே கிழித்தாள்.

புது மாதிரித்தாள் வந்ததும் அச்சகக்காரரை உட்காரவைத்து, பெயரை மட்டுமல்ல, முழு வரியையும் உரக்கப் படிக்கச் சொன்னாள். மூன்று முறை படித்தார்.

"இப்பக் கையெழுத்துப் போடலாம்ல?" என்றார்.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள்.