மாதேஸ்வரி சரிபார்த்த நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவள அலுவலகத்தில் மாதேஸ்வரி ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும், ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது என்று அவளுக்கு மின்னஞ்சல் வரும். நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து ஓசூரில் வாடகை வீடு பிடித்தது, மகளைப் பத்தாவது வரை படிக்க வைத்தது எல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான்.

அந்த மின்னஞ்சல்களைச் சரிபார்த்து அனுப்புவதும் அவள்தான். ஒரு பொங்கலுக்கு, எல்லோருடைய வாழ்த்திலும் பெயர் வரவேண்டிய இடத்தில் 'ஃபர்ஸ்ட் நேம்' என்றே அச்சாகிப் போய்விட்டது. கேன்டீனில் ஒரு மாதம், "ஏம்ப்பா ஃபர்ஸ்ட் நேமு, சாம்பார் ஊத்து" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் கண் படாமல் எதுவும் வெளியே போவதில்லை.

இந்த மார்ச்சில் நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். சிலருக்கு நீட்டிப்பு, சிலருக்கு நிறைவு. பட்டியலை எக்செல்லில் தயாரித்தவள் நிரந்தர வேலையில் இருக்கும் அருணா.

"அக்கா, நாலு மணிக்குள்ள போகணுமாம். மேனேஜர் சார் ரெண்டு தரம் கேட்டுட்டாரு," என்றாள் அருணா.

"நாலுக்குப் போகும், போ. நீ நின்னா அஞ்சாயிடும்."

மாதேஸ்வரி ஒவ்வொரு கடிதமாகத் திறந்து பார்த்தாள். கடைசி வேலைநாள் வரவேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் 'தேதி' என்று யாரோ கையால் தட்டியிருந்தார்கள். அப்படித் தட்டினால் அது பட்டியலோடு சேராது. எல்லாக் கடிதத்திலும் அப்படியே நிற்கும். அதைச் சரிசெய்தாள். இனிஷியல் இல்லாத இரண்டு பேர், மின்னஞ்சல் முகவரி காலியாயிருந்த ஒருவர். அதுவரை வழக்கமான வேலைதான்.

பிறகுதான் ஒன்று உறுத்தியது. பட்டியல் ஆங்கில அகர வரிசையில் இருந்தது. ஏ-யில் தொடங்கி எம் எழுத்தைத் தாண்டும் வரை அத்தனை பேருக்கும் நீட்டிப்பு. அதற்குப் பிறகு கடைசி வரை அத்தனை பேருக்கும் நிறைவு. வெல்டிங் பிரிவில் எல்லோரையும் விட நன்றாக வேலை செய்யும் பொற்கொடிக்கும் நிறைவு.

விஷயம் விளங்கிவிட்டது. அருணா முடிவு இருக்கும் நெடுவரிசையை மட்டும் தனியாக வரிசைப்படுத்தியிருக்கிறாள். பெயர், எண், முகவரி எல்லாம் நின்ற இடத்தில் நிற்க, முடிவு மட்டும் ஆள் மாறிவிட்டது. கடிதத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டால் எல்லாம் சரியாகவே இருக்கும். தப்பு பட்டியலிலேயே இருந்தது.

மேலாளர் ஸ்ரீராமின் அறைக்குப் போனாள். "சார், மேல கையெழுத்துப் போட்ட முடிவு ஃபைல் வேணும். பத்துப் பேரை ஒப்பிட்டுப் பார்க்கணும்."

"ஷீட்டு இருக்குல்ல மேடம்?"

"எப்பவும் ஃபைல்லதான் சார் பார்ப்பேன்."

அவர் அலமாரியைத் திறந்து ஃபைலை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொற்கொடி, நீட்டிப்பு. மூன்றாம் பக்கத்தில் மாதேஸ்வரி, நிறைவு.

தப்பான பட்டியலில் அவளுக்கு நீட்டிப்பு. அப்படியே அனுப்பிவிட்டாலும் ஃபைல் மாறாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கம்பெனி அனுப்பிய கடிதம் கையில் இருந்தால் நின்று சண்டையாவது போடலாம். தப்பு அருணா தலையில்தான் விழும். பொற்கொடி நாளைக்குக் கடிதத்தைப் படித்துவிட்டு கேட்டில் நின்று அழுவாள்.

மணி மூன்று ஐந்து. வரிசைப்படுத்துவதற்கு முன்பிருந்த பழைய பிரதியை அருணாவிடம் வாங்கி, பணியாளர் எண்ணை வைத்து முடிவுகளைத் திரும்பப் பொருத்தினாள். இந்தத் தடவை பத்தோடு நிறுத்தாமல் நானூற்றுப் பன்னிரண்டையும் ஃபைலோடு ஒப்பிட்டாள். தன் கடிதத்தையும் திறந்தாள். பெயர் சரி, இனிஷியல் சரி, தேதி சரி. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

ஃபைலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸ்ரீராம் எழுந்து நின்றார். "உட்காருங்க மேடம். மேல இருந்து முடிவு பண்ணது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா நீங்க செக் பண்ணி..." அவர் நிறுத்தினார். "வேற யாரு பார்த்திருந்தாலும் எனக்கு நிம்மதி இருந்திருக்காது."

மாதேஸ்வரி ஃபைலை மேசையில் வைத்தாள்.

"ஒரே ஒரு உதவி மேடம். நீங்க எப்படிச் செக் பண்றீங்கன்னு அருணாவுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

தன் இடத்துக்கு வந்து எழுதினாள். முதல் கடிதம், நடுக்கடிதம், கடைசிக் கடிதம் பார். அடைப்புக்குறி மிச்சமிருக்கிறதா என்று தேடு. காலியான இடங்களைப் பார். நீளமான பெயர் வெட்டுப்பட்டிருக்கிறதா பார். பேனா அங்கே நின்றது. கையெழுத்துப் போட்ட ஃபைலோடு ஒப்பிடு என்பது பாக்கி. அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. அடுத்த மார்ச்சில் தப்பு நடந்தால் அது பொற்கொடி மாதிரி யாரோ ஒருத்தியின் மேல்தான் விழும், ஸ்ரீராம் மேல் அல்ல. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. காகிதத்தை அப்படியே நீட்டினாள்.

"இவ்ளோதானாக்கா?" என்றாள் அருணா, காகிதத்தைப் படித்துவிட்டு.

மாதேஸ்வரி பேனாவை மூடினாள்.

"இவ்ளோதான்."